அப்பாவுக்குப் பக்கவாதம், இரண்டு தவணை தாமதம், 864 ரூபாய் அபராதம்: தள்ளுபடிக் கடிதத்தைத் திருத்த உதவி தேவை

புதுகை மணிமாறன்

அனைவருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் கட்டுமான வேலையில் இருக்கிறேன். வந்து பத்து மாதம் ஆகிறது. சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம். நான் ஊரில் இருந்தபோதே என் மனைவி மகளிர் குழு மூலமாக ஒரு மைக்ரோ பைனான்ஸ் நிறுவனத்தில் 50,000 ரூபாய் வாங்கிக் கறவை மாடு பிடித்தார். மாதம் 2,650 ரூபாய், மொத்தம் 24 தவணை. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி சென்டர் கூட்டத்தில் கட்ட வேண்டும். பதினைந்து தவணை ஒரு நாளும் பிந்தியதில்லை. அதற்கு முன்னால் வாங்கிய 30,000 ரூபாய்க் கடனையும் முழுவதுமாக அடைத்திருக்கிறார்.

ஜனவரி 4ஆம் தேதி அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. 27ஆம் தேதி வரை மருத்துவமனையில் இருந்தார். மனைவிதான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். மாட்டைக் கவனிக்க ஆளில்லாமல் பால் பணமும் நின்றது. நான் அனுப்பியதெல்லாம் ஸ்கேன், மருந்து, ஆட்டோ என்று கரைந்தது. ஜனவரி, பிப்ரவரி தவணைகளைக் கட்ட முடியவில்லை. மார்ச் 10ஆம் தேதி கூட்டத்தில் மூன்று தவணையையும் சேர்த்து 7,950 ரூபாய் கட்டிவிட்டோம். இப்போது 864 ரூபாய் அபராத வட்டி நிற்கிறது, அடுத்த மாதத் தவணையில் பிடித்துக்கொள்வோம் என்கிறார்கள்.

தள்ளுபடி கேட்டு நான் எழுதி வைத்திருக்கும் கடிதத்தின் முக்கியப் பகுதி இது:

"நாங்கள் மிகவும் ஏழைக் குடும்பம். என் தந்தைக்கு உடல்நிலை சரியில்லாமல் போனதால் சில மாதங்களாக எங்களால் பணம் கட்ட இயலவில்லை. நாங்கள் எவ்வளவு ஒழுங்காகக் கட்டி வந்தவர்கள் என்பது தங்களுக்கே தெரியும். தங்கள் ஊழியர் இரவில் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டது எங்களுக்குப் பெரும் அவமானம். ஆகவே கருணை கூர்ந்து அபராத வட்டி முழுவதையும் தள்ளுபடி செய்து, முடிந்தால் மீதிக் கடனையும் ஒரு தொகையாகக் குறைத்து முடித்துக்கொடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, மணிமாறன், சிங்கப்பூர்."

இதை எப்படி மாற்றினால் படிப்பவர்கள் மனம் இரங்குவார்கள்?

தேக்கா சந்திரன்

தம்பி, சிங்கப்பூரில் உரிமம் பெற்றுக் கடன் கொடுப்பவர் தாமதக் கட்டணமாக மாதத்துக்கு 60 வெள்ளிக்கு மேல் வாங்கவே முடியாது. தாமத வட்டியும் மாதம் 4 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 2015 அக்டோபரிலிருந்து சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அதைக் காட்டிக் கேளுங்கள், பேசாமல் இறங்கி வருவார்கள். எந்த அலுவலகம்? சிராங்கூன் சாலையில் இருப்பதா?

புதுகை மணிமாறன்

சந்திரன் அண்ணே, கடன் ஊரில் வாங்கியது. நிறுவனமும் ஊரில்தான் இருக்கிறது. நான் மட்டும்தான் இங்கே.

தேக்கா சந்திரன்

அப்படியென்றால் நான் சொன்னது பொருந்தாது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 864 ரூபாய் என்பது இங்கே பத்துப் பதினைந்து வெள்ளி. கட்டித் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே?

ஜூரோங் இளவரசு

ஏன் கட்ட வேண்டும்? அபராத வட்டி என்பதே இந்தியாவில் இப்போது கிடையாது. ரிசர்வ் வங்கி 2024இல் தடை செய்துவிட்டது. கெஞ்சிக் கடிதம் எழுதத் தேவையே இல்லை. "சட்டப்படி செல்லாது, கட்ட மாட்டேன்" என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அதோடு குழுக் கடனுக்கெல்லாம் காப்பீடு பிடித்திருப்பார்கள். நோய் என்று காட்டினால் அந்தத் தவணைகளையே காப்பீட்டில் வாங்கலாம்.

உறையூர் கலா

நான் திருச்சியில் ஒரு மைக்ரோ பைனான்ஸ் நிறுவனத்தின் உள்தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்தவள். இப்போது குடும்பத்தோடு செங்காங்கில் இருக்கிறேன். கிளை கிளையாகப் போய், தவணை வரவுகளை எழுதும் கடன் அட்டைகளைப் புரட்டுவதுதான் என் வேலையாக இருந்தது. கடிதத்தை அப்புறம் பார்க்கலாம், மணிமாறன். முதலில் அந்த 864 எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். கடன் அட்டையில் தாமதத்துக்கு எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறது? பதினைந்தாவது தவணைக்கு நேரே "அசல் பாக்கி" என்ற கட்டத்தில் என்ன தொகை இருக்கிறது? இரண்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இளவரசு சொன்னதில் பாதி சரி. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது. புதிய கடன்களுக்கு அது 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது, பழைய கடன்களுக்கும் அந்த ஆண்டு ஜூன் முடிவுக்குள் வந்துவிட்டது. தாமதத்துக்காகக் கடனின் வட்டி விகிதத்தையே ஏற்றுவதை அது நிறுத்தியது. அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடுவதையும் நிறுத்தியது. ஆனால் நியாயமான அளவில் தாமதக் கட்டணம் வாங்குவதை அது தடுக்கவில்லை. "செல்லாது, கட்ட மாட்டேன்" என்று எழுதினால் மேலாளர் அந்தச் சுற்றறிக்கையையே எடுத்துக் காட்டுவார். அதன்பிறகு உங்கள் மனைவி என்ன எழுதினாலும் மதிப்பிருக்காது.

காப்பீட்டையும் நம்ப வேண்டாம். குழுக் கடனோடு வருவது பெரும்பாலும் ஆயுள் காப்பீடு. கடன் வாங்கியவரோ கணவரோ இறந்தால்தான் அது பயன்படும். சில நிறுவனங்கள் மருத்துவமனையில் தங்கும் நாளுக்கு இவ்வளவு என்று ஒரு பாலிசியும் விற்கின்றன. அட்டையில் அதற்குப் பணம் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்திருந்தாலும் மாமனார் அதில் வருவது அரிது.

புதுகை மணிமாறன்

அக்கா, மனைவி படம் அனுப்பிவிட்டார். "தாமதத்துக்கு மாதம் 2 சதவீதம்" என்று அச்சாகியிருக்கிறது. பதினைந்தாவது தவணைக்கு நேரே அசல் பாக்கி 21,608 ரூபாய். காப்பீடு எனக்கும் மனைவிக்கும் மட்டும்தான்.

உறையூர் கலா

நினைத்தது சரிதான். 864ஐ இரண்டு மாதத்துக்கு வகுத்தால் 432. அது 21,608 ரூபாய்க்கு 2 சதவீதம். அதாவது மீதமிருந்த கடன் முழுவதற்கும் அபராதம் போட்டிருக்கிறார்கள். அப்படிப் போடக்கூடாது. 2022 ஏப்ரலில் நடப்புக்கு வந்த மைக்ரோ பைனான்ஸ் விதிமுறையில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறது: தாமத அபராதம் கட்டாமல் நின்ற தொகைக்கு மட்டும்தான், முழுக் கடனுக்கும் இல்லை.

சரியான கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2,650க்கு 2 சதவீதம் 53 ரூபாய். ஜனவரித் தவணை மார்ச் 10 வரை இரண்டு மாதம் நின்றது, அதற்கு 106. பிப்ரவரித் தவணை ஒரு மாதம் நின்றது, அதற்கு 53. மொத்தம் 159 ரூபாய். 864இல் 159 போக 705 ரூபாய் அவர்கள் கேட்கவே கூடாத பணம்.

இது வேண்டுமென்றே செய்ததாக இருக்க வேண்டியதில்லை. கிளையில் யாராவது கணினியில் பாக்கித் தொகையை எடுத்துக் கையால் பெருக்கியிருக்கலாம். நான் பார்த்த இடங்களில் அப்படியும் நடந்திருக்கிறது. நம் பக்கம் பார்க்க வேண்டியது வேறு. உங்கள் கடிதம் 864 ரூபாய் முழுவதையும் கருணையாகக் கேட்கிறது. அந்த 705 ரூபாய்க்குக் கருணை வேண்டாம், திருத்தம் போதும். மீதி 159க்குத்தான் அப்பாவின் நோயையும் பதினைந்து தவணைகளையும் சொல்லித் தள்ளுபடி கேட்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், "பாதி குறைத்துவிட்டோம்" என்று 432 ரூபாயைத் தள்ளிப் பெருந்தன்மை காட்டுவார்கள். நீங்களும் நன்றி சொல்லி மீதி 432ஐக் கட்டுவீர்கள்.

சந்திரன் அண்ணனுக்கும் ஒன்று. பத்து வெள்ளிதானே என்று விட முடியாது. ஏப்ரல் 10 அன்று மனைவி 2,650 ரூபாய் கொடுப்பார். அதிலிருந்து முதலில் 864ஐ அபராதத்துக்கு வரவு வைத்தால் தவணைக்கு 1,786 ரூபாய்தான் சேரும். ஏப்ரல் தவணையில் 864 குறையும். கணக்கு மறுபடியும் பாக்கியில் நிற்கும், அதற்கும் அபராதம் ஓடும், கடன் தகவல் நிறுவனத்துக்கும் தாமதம் என்றே போகும். முழுப்பணம் கொடுத்த பெண் ஒவ்வொரு மாதமும் கூட்டத்தில் பாக்கிக்காரியாக உட்கார்ந்திருப்பார். இதை நான் அட்டைகளில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தேக்கா சந்திரன்

இது எனக்குத் தோன்றவில்லை அம்மா. அப்படியானால் எழுதத்தான் வேண்டும்.

செம்பவாங் மேரி

நான் இங்கே ஒரு வீட்டில் வேலை செய்கிறேன். என் தங்கைக்கு நடந்ததைச் சொல்கிறேன், உதவலாம். அவள் கணவருக்கு மஞ்சள் காமாலை வந்து நான்கு தவணை நின்றது. "ஒரு தொகையாக முடித்துக்கொடுங்கள்" என்றுதான் அவளும் எழுதினாள். கொஞ்சம் குறைத்து முடித்தும் கொடுத்தார்கள். நாங்கள் கோயிலுக்குக்கூடப் போய் வந்தோம். அடுத்த வருடம் தையல் மெஷினுக்குக் கடன் கேட்டபோது எந்த நிறுவனமும் கொடுக்கவில்லை. அவள் கடன் அறிக்கையில் அந்தக் கணக்கு முழுதாக அடைந்ததாக இல்லை, குறைத்துப் பேசி முடித்ததாக இருக்கிறது. மணிமாறன் தம்பியின் கடிதத்திலும் அதே வரி இருக்கிறதே?

உறையூர் கலா

மேரி அக்கா சரியான வரியைப் பிடித்துவிட்டார். அது இருக்கவே கூடாது. அபராதத்தைத் தள்ளுபடி செய்வதும் கடனைக் குறைத்து முடிப்பதும் வேறு வேறு. அபராதத்தை மட்டும் தள்ளினால் அசலும் வட்டியும் முழுதாக வசூலானதாகவே கணக்கு முடியும். குறைத்து முடித்தால் நிறுவனத்துக்கு நட்டம் வந்ததாகப் பதிவாகும். அந்தப் பதிவு பல வருடம் கூடவே வரும்.

ஜனவரி, பிப்ரவரியில் தாமதமானது மட்டும் அறிக்கையில் இருக்கத்தான் செய்யும். அபராதம் தள்ளுபடியானாலும் அது அழியாது, ஏனென்றால் அது உண்மையாக நடந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமும் முழு அறிக்கையை இலவசமாக வாங்கலாம். மார்ச் மாதத்துக்குப் பாக்கி இல்லை என்று வந்திருக்கிறதா என்பதை மட்டும் அதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேகரன், தெம்பனிஸ்

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். சனிக்கிழமைகளில் நூலகத்தில் உட்கார்ந்து தொழிலாளர் தம்பிகளுக்கு மனு எழுதிக் கொடுப்பது வழக்கம். கலா கணக்கைச் சொன்னார், நான் எழுத்தைச் சொல்கிறேன்.

மணிமாறன், உங்கள் கடிதத்தில் ஒரு தேதிகூட இல்லை. "சில மாதங்களாக" என்று எழுதியிருக்கிறீர்கள். தாமதம் இரண்டே தவணைதான், நீங்களே அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறீர்கள். "உடல்நிலை சரியில்லாமல்" என்றால் காய்ச்சலும் அதில் அடங்கும். பக்கவாதம் என்று எழுதுங்கள், சேர்த்த நாளையும் வீடு திரும்பிய நாளையும் எழுதுங்கள். "ஒழுங்காகக் கட்டி வந்தவர்கள் என்பது தங்களுக்கே தெரியும்" என்கிறீர்கள். கடிதத்தைப் படிக்கப்போகும் அதிகாரிக்கு உங்கள் மனைவியை யாரென்றே தெரியாது. பதினைந்து தவணையும் பழைய கடன் எண்ணும் இருந்தால் கணினியில் தட்டிப் பார்த்துக்கொள்வார்.

கையெழுத்து யாருடையது என்பதுதான் பெரிய கேள்வி. கடன் உங்கள் மனைவியின் பெயரில் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து கணவர் எழுதும் கடிதத்தை அந்தக் கிளை எந்தக் கோப்பில் வைக்கும்?

உறையூர் கலா

ஆமாம், மனைவிதான் எழுத வேண்டும், மனைவிதான் கையெழுத்திட வேண்டும். மாமனார் என்றுதான் வரும், தந்தை என்று வராது. தவணை கட்டிய பெயர், கூட்டத்தில் உட்கார்ந்த பெயர், எல்லாம் அவருடையது. ஒழுங்காகக் கட்டியவர் என்று காட்டப்போவதும் அவருடைய பெயரைத்தான்.

ஜூரோங் இளவரசு

சிங்கப்பூர் என்ற சொல்லே கடிதத்தில் வரக்கூடாது என்பேன். கணவர் வெளிநாட்டில் என்று தெரிந்தால் 159 ரூபாய்க்கா தள்ளுபடி என்று சிரிப்பார்கள்.

உறையூர் கலா

எழுதத் தேவையில்லை, மறைக்கவும் கூடாது. கேட்டால் உள்ளதைச் சொல்லட்டும். கடன் வாங்கியபோது மணிமாறன் ஊரில் இருந்தார், இப்போது இங்கே இருக்கிறார், இரண்டு மாதம் அனுப்பிய பணம் மருத்துவத்துக்குப் போனது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

புதுகை மணிமாறன்

இன்னும் இரண்டு விஷயம், அக்கா. ஜனவரி 18ஆம் தேதி இரவு ஏழரை மணிக்குக் கள அலுவலர் வீட்டுக்கு வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார். அப்போது அப்பா மருத்துவமனையில், வீட்டில் என் அம்மா மட்டும் இருந்தார். அப்புறம் பிப்ரவரி 20 வாக்கில் மனைவி கையில் இருந்த 1,000 ரூபாயை அவரிடம் கொடுத்திருக்கிறார். அது அட்டையில் ஏறவில்லை, ரசீதும் இல்லை. மார்ச் 10 அன்று முழு 7,950ஐயும் வாங்கிக்கொண்டார்கள். இவற்றையும் கடிதத்தில் சேர்க்கலாமா?

உறையூர் கலா

அந்த இரவு வருகை தவறு. வசூல் சென்டரில்தான் நடக்க வேண்டும். இரண்டு முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து கூட்டத்துக்கு வராதவர் வீட்டுக்குத்தான் போகலாம். ஜனவரி 18 அன்று ஒரு கூட்டம்தான் தவறியிருந்தது. காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை ஆறுக்குப் பின்பும் கடன் வாங்கியவரை அழைப்பதையே அதே 2022 விதிமுறை கடுமையான வசூல் முறை என்று வைத்திருக்கிறது. ஆனால் இந்தக் கடிதத்தில் அதை எழுதாதீர்கள். தள்ளுபடி வேண்டுதலை அந்த அலுவலரின் மேலாளர்தான் பரிந்துரைத்து மேலே அனுப்ப வேண்டும். தன் கிளை மேலேயே புகார் இருக்கும் தாளை அவர் அனுப்பத் தயங்குவார். புகாரைத் தனித்தாளில் எழுதி, கடன் அட்டையில் அச்சிட்டிருக்கும் குறைதீர்ப்பு அலுவலருக்கு நேராக அனுப்புங்கள்.

அந்த ஆயிரம் ரூபாய்தான் என்னை உறுத்துகிறது. வாங்கிய ஒவ்வொரு தொகைக்கும் கடன் அட்டையில் ஒப்புதல் போட வேண்டும் என்பது விதி. கொடுத்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள்? சென்டர் தலைவிக்குத் தெரியுமா?

புதுகை மணிமாறன்

பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் பார்த்திருக்கிறார். சென்டர் தலைவி தனக்குத் தெரியாது என்கிறார்.

சேகரன், தெம்பனிஸ்

அப்படியானால் அதையும் இதில் சேர்க்க வேண்டாம். உறுதியான கணக்குக்கு நடுவில் நிரூபிக்க முடியாத ஒரு வரி வந்தால் மற்ற வரிகளின் மேலும் ஐயம் விழும்.

செம்பவாங் மேரி

எனக்கு அது சரியாகப் படவில்லை ஐயா. இப்போது எழுதாவிட்டால் பின்னால் "அன்றே ஏன் சொல்லவில்லை" என்று கேட்க மாட்டார்களா?

உறையூர் கலா

கேட்பார்கள். அதனால் இந்த வாரமே எழுத வேண்டும், ஆனால் வேறு தாளில், இரவு வருகைப் புகாரோடு சேர்த்து. கிடைக்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, மணிமாறன். கையில் கொடுத்த பணம், ரசீது இல்லை. தணிக்கையில் அந்த அலுவலரின் அன்றைய வசூல் பதிவேட்டைப் பார்த்தால் தெரிய வாய்ப்புண்டு. இனிமேல் அட்டையில் கையெழுத்து விழாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லுங்கள்.

சேகரன், தெம்பனிஸ்

கலாவின் கணக்கை வைத்து எழுதியிருக்கிறேன். பாருங்கள்.

"பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்.
பொருள்: தாமத அபராதக் கணக்கைத் திருத்தவும், திருத்திய தொகையைத் தள்ளுபடி செய்யவும் வேண்டுதல். கடன் கணக்கு எண், சென்டர் எண்.

ஐயா,

மேற்கண்ட கணக்கில் ஜனவரி 10, பிப்ரவரி 10 ஆகிய இரண்டு தவணைகளை உரிய நாளில் என்னால் கட்ட இயலவில்லை. இரண்டையும் மார்ச் 10ஆம் தேதித் தவணையுடன் சேர்த்து 7,950 ரூபாயாகச் செலுத்திவிட்டேன். இன்று தவணைப் பாக்கி எதுவும் இல்லை.

தாமதத்துக்கு 864 ரூபாய் அபராதம் எனத் தெரிவித்துள்ளீர்கள். இது அசல் பாக்கி 21,608 ரூபாய்க்கு மாதம் 2 சதவீதமாக இரண்டு மாதத்துக்குக் கணக்கிடப்பட்டுள்ளது. ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு மைக்ரோ பைனான்ஸ் விதிமுறைப்படி அபராதம் தவறிய தவணைத் தொகைக்கு மட்டுமே உரியது. அவ்வாறு கணக்கிட்டால் ஜனவரித் தவணைக்கு 106 ரூபாயும் பிப்ரவரித் தவணைக்கு 53 ரூபாயுமாக மொத்தம் 159 ரூபாய் வருகிறது. கணக்கைத் திருத்தி அதன் விவரத்தை எழுத்தில் தர வேண்டுகிறேன்.

திருத்திய 159 ரூபாயைத் தள்ளுபடி செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன். என் மாமனார் பக்கவாதத்தால் ஜனவரி 4 முதல் 27 வரை மருத்துவமனையில் இருந்தார். உடனிருந்து கவனித்தவள் நான். அந்நாட்களில் பால் வருமானமும் நின்றது. அதற்கு முன் இக்கடனின் பதினைந்து தவணைகளையும் குறித்த நாளில் செலுத்தியுள்ளேன். இதற்கு முந்தைய 30,000 ரூபாய்க் கடனையும் முழுமையாக அடைத்துள்ளேன். அக்கணக்கு எண்ணைக் கீழே தந்துள்ளேன்.

இவ்வேண்டுதலுக்குப் பதில் வரும் வரை, ஏப்ரல் 10 முதல் நான் செலுத்தும் தொகையைத் தவணைக்கே வரவு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கத்தின் நகல், கடன் அட்டைப் பக்கங்களின் நகல், மார்ச் 10 ரசீதின் நகல்."

உறையூர் கலா

ஐயா, இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. ஒரு வரி மட்டும் சேர்க்க விரும்புகிறேன்: "தள்ளுபடி இயலாதெனில் 159 ரூபாயைச் செலுத்தத் தயாராக இருக்கிறேன்." மேலே இருப்பவர் இதைப் படித்தால் இவர் கட்ட மறுப்பவர் இல்லை என்று உடனே தெரிந்துகொள்வார்.

சேகரன், தெம்பனிஸ்

அதில் எனக்கு உடன்பாடில்லை. "கட்டத் தயார்" என்று படித்தவுடன் "அப்படியானால் கட்டட்டும்" என்று குறிப்பெழுதி மூடிவிடுவார்கள். கேட்பதைக் கேட்டுவிட்டு நிறுத்த வேண்டும்.

உறையூர் கலா

நான் பார்த்த கோப்புகளில் கட்ட மறுப்பவர் என்ற ஐயம்தான் பல வேண்டுதல்களைக் கெடுத்தது. ஆனால் ஐயா சொல்வதும் நடக்கக்கூடியதுதான். மணிமாறன், உங்கள் மனைவியே முடிவு செய்யட்டும். மேலாளரை அவருக்குத்தான் தெரியும்.

எப்படிக் கொடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கள அலுவலர் கையில் கொடுக்க வேண்டாம், அது அவர் பையிலேயே தங்கிவிடும். கிளைக்கே போய், இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் கிளை முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். கிளை மேலாளருக்குக் கணக்கைத் திருத்தும் வழி இருக்கும். தள்ளுபடி செய்யும் அதிகாரம் பெரும்பாலும் மண்டல அலுவலகத்திடம்தான் இருக்கும், அதனால் அந்தப் பதில் பிந்தும். முத்திரை விழுந்த நாளிலிருந்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் போகலாம்.

ஜூரோங் இளவரசு

நேரே குறைதீர்ப்பாளரிடம் போனால் 864 முழுவதையும் அவரே தள்ளுபடி செய்துவிடுவாரே?

உறையூர் கலா

முதலில் நிறுவனத்திடம் எழுதிக் கேட்காமல் போனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படியே எடுத்தாலும், 705 ரூபாய் விதிமீறல் என்பதால் அதில் தலையிடலாம். 159ஐத் தள்ளுவதா வேண்டாமா என்பது நிறுவனத்தின் வணிக முடிவு. அதில் அவர் பெரும்பாலும் கை வைக்க மாட்டார். கடிதத்தில் இரண்டையும் பிரித்து எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதுகை மணிமாறன்

அனைவருக்கும் நன்றி. மனைவி கடிதத்தைத் தன் கையால் நகலெடுத்து, முந்தாநாள் மாமன் மகனோடு கிளைக்குப் போய்க் கொடுத்திருக்கிறார். கலா அக்கா சொன்ன வரியைச் சேர்த்தே எழுதியிருக்கிறார். "நான் கட்டாமல் ஓடுகிறவள் இல்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்" என்று சொன்னார். மேலாளர் முதலில் முத்திரை போட மறுத்து, "வைத்துவிட்டுப் போங்கள்" என்றாராம். இவர் அங்கேயே உட்கார்ந்திருந்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

கணக்கைக் கணினியில் பார்த்துவிட்டு 159 என்று மாற்றிப் புதிய விவரத்தாள் கொடுத்துவிட்டார்கள். தள்ளுபடி வேண்டுதலை மண்டல அலுவலகத்துக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஏப்ரல் தவணையைத் தவணைக்கே வரவு வைப்பதற்கு எழுத்தில் எதுவும் தரவில்லை, வாயால்தான் சரி என்றார்கள்.

ஆயிரம் ரூபாய் பற்றிய தாளைக் குறைதீர்ப்பு அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். அதற்கு இன்னும் ஒரு பதிலும் இல்லை.

உறையூர் கலா

705 போனது நல்லது. வாயால் சொன்னதை நம்பி இருக்க வேண்டாம். ஏப்ரல் 10 அன்று பணம் கொடுத்தவுடன் அட்டையில் பத்தொன்பதாவது தவணைக்கு நேரே 2,650 முழுதாக எழுதியிருக்கிறதா என்று கூட்டத்திலேயே பார்க்கச் சொல்லுங்கள். குறைத்து எழுதினால் அங்கேயே முத்திரை விழுந்த பிரதியைக் காட்டட்டும். படத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

செம்பவாங் மேரி

கலா அக்கா, என் தங்கையின் அறிக்கையில் இருக்கும் அந்தப் பதிவை மாற்ற, குறைத்த தொகையை இப்போது கட்டினால் முடியுமா? நிறுவனம் வாங்கிக்கொள்ளுமா?

உறையூர் கலா

நிறுவனம் சம்மதித்தால் வழியுண்டு, ஆனால் அது வேறு கணக்கு, வேறு கடிதம். தங்கையிடமிருந்து முடிப்புக் கடிதத்தையும் அறிக்கையின் அந்தப் பக்கத்தையும் வாங்கி, தனி இழையாகப் போடுங்கள் அக்கா. எவ்வளவு குறைத்தார்கள் என்பது தெரிந்தால்தான் என்ன எழுதுவதென்று சொல்ல முடியும்.